செய்தவர் ஒருவர், செய்வித்தவர் ஒருவர்: ஆங்கிலத்தில் பிறரைக் கொண்டு செய்விக்கும் வாக்கியங்கள்

ஒரு வேலையைச் செய்பவர் ஒருவராகவும், அதைச் செய்யச் சொன்னவர் வேறொருவராகவும் இருப்பது உண்டு. தமிழ் இலக்கணம் முன்னவரை இயற்றுதற் கருத்தா என்றும் பின்னவரை ஏவுதற் கருத்தா என்றும் பிரிக்கிறது. தச்சன் கதவு செய்தான் என்றால் உளி பிடித்தவன் தச்சனே. கரிகாலன் கல்லணை கட்டினான் என்றால் கல் சுமந்தவன் கரிகாலன் இல்லை. இந்த வேறுபாட்டைத் தமிழ் வினைச்சொல்லுக்குள்ளேயே காட்ட முடியும்: கட்டினான், கட்டுவித்தான், உண்டாள், உண்பித்தாள். ஆனால் காட்டித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் அன்றாடப் பேச்சில் இல்லை. சலூனுக்குப் போய் வந்தவர் 'முடி வெட்டிக்கிட்டு வந்தேன்' என்கிறார். ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வந்தவர் 'வண்டியை சர்வீஸ் பண்ணிட்டேன்' என்கிறார். யார் வெட்டினார், யார் சர்வீஸ் செய்தார் என்று யாரும் குழம்புவதில்லை.

ஆங்கிலத்தில் எந்த வினையோடும் ஒட்டக்கூடிய இப்படியொரு விகுதி கிடையாது. அந்த வேலையை ஹேவ், கெட், மேக், லெட், ஹெல்ப் ஆகிய ஐந்து சிறிய சொற்கள் செய்கின்றன. அவற்றின் பின்னால் சொற்கள் எந்த வரிசையில் நிற்கின்றன, வினை எந்த வடிவத்தில் வருகிறது என்பதை வைத்தே பொருள் தீர்மானமாகிறது. 'ஐ கட் மை ஹேர்' என்று ஒருவர் சொன்னால், அவரே கண்ணாடி முன் கத்தரிக்கோலுடன் நின்றார் என்றுதான் ஆங்கிலம் பேசுபவர் எடுத்துக்கொள்வார். 'ஐ ரிப்பேர்ட் மை கார்' என்றால் அவருக்கு மெக்கானிக் வேலை தெரியும் என்று நினைப்பார். வீடு கட்டுவது போன்ற பெரிய வேலைகளில் மட்டும் ஆங்கிலமும் தமிழைப் போலவே தளர்ந்து, கட்டச் சொன்னவரையே கட்டியவராகப் பேச இடம் தருகிறது. மற்ற இடங்களில் அந்தத் தளர்வு குறைவு.

இந்த அமைப்புகளைப் புரிந்துகொள்ள வினையின் மூன்று உருவங்கள் போதும். முதலாவது, எதுவும் சேராத முதல் வடிவம்: கோ, ரைட், ரிப்பேர். இரண்டாவது, அதன் முன் 'டு' சேர்ந்தது: டு கோ, டு ரைட், டு ரிப்பேர். மூன்றாவது, கோ, வென்ட், கான் என்று பள்ளியில் ஒப்பிக்கும் வரிசையில் கடைசியாக வருவது: கான், ரிட்டன், ரிப்பேர்ட். எந்த இடத்தில் எந்த உருவம் என்பதுதான் கேள்வி.

பொருள் முன்னே, மூன்றாம் வடிவம் பின்னே

வேலை செய்தவர் யார் என்பது முக்கியமில்லாமல், வேலை நடந்தது மட்டுமே முக்கியமாக இருக்கும்போது ஹேவ் அல்லது கெட் வரும். அதன் பின் பொருள், அதன் பின் வினையின் மூன்றாம் வடிவம். 'ஐ ஹேட் மை கார் ரிப்பேர்ட்' என்றால் காரை ஆள் வைத்துச் சரிசெய்தேன் என்று பொருள். 'ஷி காட் தி வால்ஸ் பெயின்டட்' என்றால் அவள் சுவர்களுக்கு வண்ணம் அடிக்கச் செய்தாள்.

இங்கே மூன்றாம் வடிவம் வருவதற்குக் காரணம் உண்டு. காருக்கும் சரிசெய்வதற்கும் உள்ள உறவைத் தனியாக எடுத்துப் பார்த்தால், கார் எதையும் செய்யவில்லை, அது சரிசெய்யப்பட்டது. சுவர் அடிக்கவில்லை, சுவருக்கு வண்ணம் அடிக்கப்பட்டது. தமிழில் 'பட்டது' என்று முடியும் இந்த உறவையே ஆங்கிலத்தின் மூன்றாம் வடிவம் காட்டுகிறது. இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். நடுவில் நிற்கும் பெயரையும் கடைசியில் நிற்கும் வினையையும் சேர்த்துப் படிக்கும்போது 'பட்டது' பொருந்தினால் மூன்றாம் வடிவம். 'செய்தார்' பொருந்தினால் மற்ற இரண்டில் ஒன்று. இந்தக் கட்டுரையில் வரும் பெரும்பாலான வாக்கியங்களுக்கு இந்தச் சோதனை போதும்.

சொல்வரிசை மாறினால் பொருள் தலைகீழாகும். 'ஐ ஹேட் மை கார் ரிப்பேர்ட்' என்பதில் கார் நடுவில் இருக்கிறது, சரிசெய்தவர் வேறொருவர். 'ஐ ஹேட் ரிப்பேர்ட் மை கார்' என்பதில் ஹேடும் ரிப்பேர்டும் ஒட்டி நிற்கின்றன. அது முன்பே முடிந்துபோன ஒரு செயலைக் குறிக்கும் கால அமைப்பு, சரிசெய்தவர் நானே. சொற்கள் எல்லாம் அவையே, இடம் மட்டும் மாறியிருக்கிறது. கட் என்ற வினைக்கு மூன்று வடிவங்களும் ஒன்றே என்பதால் 'ஐ ஹேட் மை ஹேர் கட்', 'ஐ ஹேட் கட் மை ஹேர்' ஆகிய இரண்டையும் பிரித்துக் காட்டுவது இடம் ஒன்றுதான்.

இந்த ஹேவ் ஒரு முழு வினை, வெறும் துணைவினை இல்லை. அதனால் கேள்வியிலும் மறுப்பிலும் மற்ற வினைகளைப் போலவே டிட், டஸ் போன்றவற்றின் உதவியைக் கேட்கிறது. 'டிட் யூ ஹேவ் யுவர் கார் ரிப்பேர்ட்?' என்று கேட்க வேண்டும். 'ஐ டிடன்ட் ஹேவ் இட் ரிப்பேர்ட்' என்று மறுக்க வேண்டும். காலத்துக்கேற்ப மாறுவதும் இந்த ஹேவ்தான். கடைசியில் நிற்கும் மூன்றாம் வடிவம் அசையாது. 'ஐ வில் ஹேவ் இட் ரிப்பேர்ட்', 'ஐ ஆம் ஹேவிங் இட் ரிப்பேர்ட்', 'ஐ ஹேவ் ஹேட் இட் ரிப்பேர்ட்' என எல்லாவற்றிலும் ரிப்பேர்ட் அப்படியே இருக்கிறது. கடைசி வாக்கியத்தில் ஹேவ், ஹேட் என இரண்டு முறை வருவதைப் பார்த்து அதைப் பிழை என்று நினைக்க வேண்டியதில்லை. முதல் ஹேவ் காலத்தைச் சொல்கிறது. இரண்டாவது, ஆள் வைத்துச் செய்ததைச் சொல்கிறது.

ஹேவுக்கும் கெட்டுக்கும் இந்த அமைப்பில் பொருள் வேறுபாடு சிறியதே. கெட் பேச்சு வழக்கில் அதிகம். எழுத்திலும் முறையான உரையிலும் ஹேவ் பொருத்தமாக ஒலிக்கும். ஒருவருக்குக் கட்டளையாகச் சொல்லும்போது 'கெட் யுவர் ஹேர் கட்' என்பதே இயல்பு. முயன்று, அலைந்து, ஒருவழியாக முடித்த சாயலும் கெட்டுக்கு உண்டு. மேலும் 'ஐ வில் கெட் தி ரிப்போர்ட் ஃபினிஷ்ட் பை ஃபைவ்' என்று ஒருவர் சொன்னால், அந்த அறிக்கையை அவர் தன் கையாலேயே எழுதி முடிப்பதாகவும் இருக்கலாம். அங்கே கெட் குறிப்பது வேலையை முடிவுக்குக் கொண்டுவருவதை. யார் கையால் என்பதைச் சூழல்தான் சொல்லும்.

இதே உருவத்தில் இன்னொரு பொருளும் வரும். 'ஹி ஹேட் ஹிஸ் வாலட் ஸ்டோலன்' என்றால் அவர் ஆள் வைத்துத் தன் பர்ஸைத் திருடச் செய்தார் என்று பொருளில்லை. அவருடைய பர்ஸ் திருட்டுப் போனது. 'தே ஹேட் தெயர் ரூஃப் ப்ளோன் ஆஃப்' என்றால் காற்றில் அவர்கள் வீட்டுக் கூரை பறந்துபோனது. எழுவாயாக நிற்பவர் இங்கே ஏவியவர் இல்லை, பாதிக்கப்பட்டவர். இரண்டு பொருளையும் இலக்கணம் பிரித்துக் காட்டுவதில்லை. யாரும் விரும்பிச் செய்விக்காத வேலையா என்று பார்த்தால் போதும். இந்த இழப்புப் பொருளுக்குப் பெரும்பாலும் ஹேவ்தான் வரும்.

ஆளைச் சொல்லும்போது

வேலையைச் செய்தவரையும் குறிப்பிட வேண்டுமானால் அவர் நடுவிடத்துக்கு வருகிறார். ஹேவும் கெட்டும் பிரிந்து நிற்பது இங்கேதான். 'ஐ ஹேட் தி மெக்கானிக் செக் தி பிரேக்ஸ்' என்பதில் செக் என்ற முதல் வடிவம் 'டு' இல்லாமல் வருகிறது. 'ஐ காட் தி மெக்கானிக் டு செக் தி பிரேக்ஸ்' என்பதில் 'டு' கட்டாயம். ஹேவுக்குப் பின் 'டு' சேர்ப்பதும் பிழை, கெட்டுக்குப் பின் 'டு'வை விடுவதும் பிழை. முன்பு சொன்ன சோதனையை இங்கே வைத்துப் பார்க்கலாம். மெக்கானிக் பார்த்தார் என்பது பொருந்துகிறது. மெக்கானிக் பார்க்கப்பட்டார் என்பது பொருந்தவில்லை. அதனால் மூன்றாம் வடிவத்துக்கு இங்கே இடமில்லை.

உருவத்தோடு பொருளும் வேறுபடுகிறது. ஹேவ் என்றால் சொன்னதும் நடந்தது. அதைச் சொல்லும் உரிமையோ ஏற்பாடோ ஏற்கெனவே இருந்தது. மேலாளர் உதவியாளரிடம் சொல்வதும், வாடிக்கையாளர் கடைக்காரரிடம் கேட்பதும் அப்படிப்பட்டவை. கெட் என்றால் கேட்டு, எடுத்துச் சொல்லி, சில நேரம் கெஞ்சி இணங்க வைத்தது. 'ஷி காட் ஹர் ஃபாதர் டு ஸ்டாப் ஸ்மோக்கிங்' என்ற வாக்கியத்தில் அப்பாவைப் புகைபிடிப்பதை நிறுத்த வைப்பதற்கு மகள் பட்ட பாடு தெரிகிறது. அதே இடத்தில் ஹேட் வந்தால் அப்பாவுக்கு மகள் உத்தரவு போட்டது போல் இருக்கும்; வாக்கியமும் செயற்கையாக ஒலிக்கும். ஆளைச் சொல்லும் ஹேவ் அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் அதிகம் புழங்குகிறது. பிரிட்டிஷ் பேச்சில் அந்த இடத்தைப் பெரும்பாலும் கெட் எடுத்துக்கொள்கிறது.

மேக், லெட்: வைப்பதும் விடுவதும்

மேக், லெட் ஆகிய இரண்டின் பின்னும் ஆள், அதன் பின் வினையின் முதல் வடிவம். 'டு' வராது. 'தி டீச்சர் மேட் தெம் ரைட் இட் அகெய்ன்' என்றால் ஆசிரியர் அவர்களை மறுபடி எழுத வைத்தார். 'தி டீச்சர் லெட் தெம் ரைட் இட் அகெய்ன்' என்றால் மறுபடி எழுத விட்டார். தமிழின் 'வை', 'விடு' என்ற இரண்டு துணைவினைகளும் இந்த இரண்டோடும் நன்றாகப் பொருந்துகின்றன. எழுத வைத்தார் என்பதில் மாணவர்களின் விருப்பத்துக்கு இடமில்லை. எழுத விட்டார் என்பதில் விருப்பம் மாணவர்களுடையது, அனுமதி ஆசிரியருடையது.

இரண்டையும் மறுத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். 'ஷி டிடன்ட் மேக் மீ கோ' என்றால் அவள் என்னைப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை; நான் விரும்பிப் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். 'ஷி டிடன்ட் லெட் மீ கோ' என்றால் அவள் என்னைப் போக விடவில்லை, நான் போகவில்லை.

தமிழ் பேசுபவர்களின் ஆங்கிலத்தில் மிக அதிகம் தென்படும் பிழை இங்கேதான் நேர்கிறது: 'ஹி மேட் மீ டு வெயிட்'. காத்திருக்க என்ற எச்சத்தை 'டு வெயிட்' என்றே வகுப்பில் பழகியிருப்பது அதற்கு ஒரு காரணம். காத்திருக்க விரும்பினேன், காத்திருக்கச் சொன்னார், காத்திருக்க வைத்தார் என எல்லா இடத்திலும் தமிழில் ஒரே எச்சம் வருகிறது. ஆங்கிலத்தில் முதல் இரண்டுக்கும் 'டு' வரும், மூன்றாவதற்கு வராது. பழைய ஆங்கிலத்தில் இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு இறுக்கமாக இல்லை. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் மேக்குக்குப் பின் 'டு' வரும் இடங்கள் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் அது பிழையாகவே எண்ணப்படும்.

ஆனால் மேக் செயப்பாட்டு வினையாகும்போது விலக்கிய 'டு' திரும்பி வருகிறது. 'தே மேட் ஹிம் வெயிட்' என்பது 'ஹி வாஸ் மேட் டு வெயிட்' என்று மாறும். இங்கே 'டு'வை விட்டால்தான் பிழை. லெட்டுக்கு இப்படி மாறும் வழக்கம் ஏறக்குறைய இல்லை. 'தே லெட் ஹிம் லீவ்' என்பதைச் செயப்பாட்டில் சொல்ல வேண்டுமானால் அலௌ என்ற வேறு வினையைக் கடன் வாங்கி 'ஹி வாஸ் அலௌட் டு லீவ்' என்கிறார்கள். அலௌ எப்போதும் 'டு'வை உடன் அழைத்து வரும்: 'தே அலௌட் ஹிம் டு லீவ்'. பொருளில் லெட்டும் அலௌவும் நெருங்கியவை என்பதால் ஒன்றின் அமைப்பை மற்றதற்குப் பூட்டிவிடும் தவறும் அடிக்கடி நேர்கிறது.

லெட்டில் இன்னும் ஒரு நுணுக்கம். அதன் மூன்று வடிவங்களும் லெட்தான். எனவே 'ஹி லெட் மீ டிரைவ்' என்பது இறந்தகாலம். நிகழ்காலமாக இருந்தால் 'ஹி லெட்ஸ் மீ டிரைவ்' என்று கடைசியில் எஸ் ஒலி சேர்ந்திருக்கும். மேக்கிலும் ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. ஒருவர் தான் சொல்வதை மற்றவருக்குப் புரிய வைத்தார் என்பதற்கு 'ஷி மேட் ஹர்செல்ஃப் அண்டர்ஸ்டுட்' என்று மூன்றாம் வடிவம் வரும். அவள் புரிந்துகொள்ளப்பட்டாள் என்ற 'பட்டது' உறவே அங்கும் வேலை செய்கிறது. ஆனால் இந்த அமைப்பு ஒருசில வினைகளோடு மட்டுமே வழங்குகிறது. ஆள் வைத்துக் காரைச் சரிசெய்ததற்கு 'ஐ மேட் மை கார் ரிப்பேர்ட்' என்று சொல்ல முடியாது.

ஹெல்ப்: இரண்டு வழியும் சரி

ஐந்தில் சிக்கல் குறைந்தது ஹெல்ப். 'ஹி ஹெல்ப்ட் மீ கேரி தி பாக்ஸ்', 'ஹி ஹெல்ப்ட் மீ டு கேரி தி பாக்ஸ்' ஆகிய இரண்டும் சரியே. 'டு' இல்லாத வடிவம் இன்று அதிகம் வழங்குகிறது. அமெரிக்காவில் அது இன்னும் கூடுதல். உதவி பெறும் ஆளைச் சொல்லாமலும் வாக்கியம் அமையும்: 'திஸ் மெடிசின் ஹெல்ப்ஸ் ரெட்யூஸ் பெயின்'. ஹெல்ப் செயப்பாட்டுக்கு மாறினால் மேக்கைப் போலவே 'டு' கட்டாயமாகிறது: 'ஷி வாஸ் ஹெல்ப்ட் டு ஸ்டாண்ட் அப்'.

ஹெல்ப்பில் செய்பவர் இருவர் என்பதையும் கவனிக்க வேண்டும். பெட்டியைத் தூக்கியதில் எனக்கும் பங்கு உண்டு, அவருக்கும் பங்கு உண்டு. ஹேவ், கெட் அமைப்புகளில் ஏவியவர் பொதுவாக வேலையைத் தொடுவதில்லை. 'கான்ட் ஹெல்ப்' என்ற தொடருக்கு மட்டும் உதவியோடு தொடர்பே இல்லை. 'ஐ குடன்ட் ஹெல்ப் லாஃபிங்' என்றால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்று பொருள். அதன் பின் வருவது இங் சேர்ந்த வடிவம்.

ஒரு காரும் ஐந்து வினைகளும்

இவை அனைத்தும் ஒரே சம்பவத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். மீனாவின் கார் நெடுஞ்சாலையில் நின்றுபோகிறது. அவர் போன் செய்து, காரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துச் செல்ல வைக்கிறார்: 'மீனா ஹேட் தி கார் டோவ்ட்'. இழுத்துப் போன டிரைவர் யார் என்பது தேவையில்லை. கார் இழுக்கப்பட்டது என்ற உறவு இருப்பதால் மூன்றாம் வடிவம்.

ஒர்க்‌ஷாப்பில் கூட்டம். உரிமையாளர் அவரைக் காக்க வைக்கிறார்: 'தி ஓனர் மேட் ஹர் வெயிட்'. இதையே மீனா தன் தரப்பிலிருந்து சொன்னால் 'ஐ வாஸ் மேட் டு வெயிட்' என்பார். உட்கார அலுவலக அறையைப் பயன்படுத்திக்கொள்ள உரிமையாளர் அனுமதிக்கிறார்: 'ஹி லெட் ஹர் யூஸ் தி ஆபீஸ்'. பிறகு தன் உதவியாளரிடம் பேட்டரியைப் பார்க்கச் சொல்கிறார்: 'ஹி ஹேட் ஹிஸ் அசிஸ்டன்ட் செக் தி பேட்டரி'. உதவியாளர் அவரிடம் வேலை செய்பவர், சொன்னதைச் செய்பவர், அதனால் ஹேவ்.

பில் கொஞ்சம் அதிகமாக வருகிறது. மீனா பேசிப் பேசி அதைக் குறைக்க வைக்கிறார்: 'ஷி காட் ஹிம் டு ரெட்யூஸ் தி பில்'. உரிமையாளர் மீனாவின் ஆள் இல்லை. உத்தரவு செல்லாது, பேச்சுதான் செல்லும். எனவே கெட், அதோடு 'டு'. கடைசியில் காப்பீட்டுப் படிவத்தை நிரப்ப அவர் உதவுகிறார்: 'ஹி ஹெல்ப்ட் ஹர் ஃபில் இன் தி ஃபார்ம்'. வெளியே வந்து பார்த்தால் பின் இருக்கையில் வைத்திருந்த பையைக் காணோம்: 'ஷி ஹேட் ஹர் பேக் ஸ்டோலன்'. முதல் வாக்கியத்துக்கும் இதற்கும் உருவம் ஒன்றே. கார் இழுக்கப்பட்டது மீனாவின் ஏற்பாட்டால். பை திருடப்பட்டதோ அவர் அறியாமல்.

இப்படி ஒரு வாக்கியத்தை அமைக்கும்போது முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, நடுவில் நிற்கப்போவது வேலையைச் செய்பவரா, வேலைக்கு உள்ளாகும் பொருளா என்பது. பொருளானால் ஹேவ் அல்லது கெட், கடைசியில் மூன்றாம் வடிவம். செய்பவரானால், அவர் எப்படிச் செய்தார் என்பது இரண்டாவது கேள்வி. சொன்னதால் செய்தார் என்றால் ஹேவ், இணங்கிச் செய்தார் என்றால் கெட், வேறு வழியின்றிச் செய்தார் என்றால் மேக், அனுமதி பெற்றுச் செய்தார் என்றால் லெட், துணை பெற்றுச் செய்தார் என்றால் ஹெல்ப். இவற்றில் கெட்டுக்கு 'டு' கட்டாயம், ஹெல்ப்புக்கு விருப்பம், மற்ற மூன்றுக்கும் இல்லை. மேக்கும் ஹெல்ப்பும் செயப்பாட்டுக்குப் போகும்போது மட்டும் 'டு' தவறாமல் வந்து சேரும்.